மனு வேறு, அப்பீல் வேறு

கேள்வி: நான் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் விழிப்புணர்வு முகாம். "அதிகாரி எடுத்த முடிவை எப்படிக் கேள்வி கேட்பது" என்று அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போன முகாமில் பேசியவர் அரசியலமைப்பு, அடிப்படை உரிமை என்று ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் எல்லாருக்கும் பட்டா பிரச்சினைதான். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: ஒரு கேள்வியில் ஆரம்பியுங்கள். "திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தவர்கள் கை தூக்குங்கள்." நிறையக் கைகள் எழும். அடுத்து, "அந்த மனு கடைசியில் யார் மேஜைக்குப் போனது?" என்று கேளுங்கள். அங்கே கொஞ்சம் மௌனம் வரும். அந்த மௌனத்தில்தான் உங்கள் பேச்சு இருக்கிறது.

மனு எங்கே போகிறது என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். குறைதீர் கூட்டத்தில் ஒரு எண் போட்டு வாங்குகிறார்கள். "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி, பட்டா சம்பந்தப்பட்டது என்றால் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புகிறார்கள். அதாவது, யார் முடியாது என்று சொன்னாரோ அவர் மேஜைக்கே திரும்புகிறது. ஒரு மாதம் கழித்து, "மனுதாரரின் விண்ணப்பம் ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டுள்ளது" என்று பதில் வருகிறது. கலெக்டரே பார்த்துவிட்டு மறுத்துவிட்டார் என்று நினைத்து ஜனங்கள் சோர்ந்துபோகிறார்கள். அவர் பார்த்திருக்கவே மாட்டார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கூட்டம் குறை கேட்க வைத்தது. தாசில்தார் போட்ட ஆணையை ரத்து செய்ய வைத்ததல்ல.

ஆணையை ரத்து செய்யும் அதிகாரத்தைச் சட்டம் ஒருவர் கையில் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கும். பட்டா விஷயத்தில் அது வருவாய்க் கோட்டாட்சியர், நம் பேச்சு வழக்கில் ஆர்டிஓ. தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983, பிரிவு 12. அவரிடம் போகும் காகிதத்தின் பெயர் மேல்முறையீடு, அப்பீல். மனுவைப் பதில் சொல்லாமல் மூடி வைக்கலாம். அப்பீலுக்கு எண் போட்டு, விசாரணைத் தேதி கொடுத்து, இரண்டு பக்கமும் கேட்டு, காரணம் எழுதி ஆணை போட்டாக வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்றைப் புரிய வைத்துவிட்டால் உங்கள் அரை மணி நேரம் வீணாகாது.

பிரிவு எண்ணைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒரு கதை வேண்டும். நான் முகாம்களில் சொல்லும் ஒன்றைத் தருகிறேன். எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கணவரை இழந்த ஒரு அம்மா, தன் ஊரிலேயே 118/3 என்ற சர்வே எண்ணில் இருந்த நிலம் முழுவதையும் கிரையம் வாங்கினார். பத்திரத்தில் 42 சென்ட் என்று இருந்தது. ஜனவரியில் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தார். போன் நம்பர் கேட்டதற்கு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனுடைய நம்பரைக் கொடுத்தார். மார்ச் 14ஆம் தேதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. குறுஞ்செய்தி மகன் போனுக்குப் போனது. அவன் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டான். (இந்த இடத்தில் கூட்டத்தில் கட்டாயம் யாராவது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாதி வீட்டில் இதே கதைதான்.) மே மாதம் மையத்துக்குப் போய் விசாரித்தபோதுதான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது.

அதற்கப்புறம் ஓடினார். ஜமாபந்தியில் ஒரு மனு, கலெக்டர் ஆபீஸில் மூன்று மனு, முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒன்று. நவம்பரில் என்னிடம் வந்தபோது ஒரு மஞ்சள் பை நிறைய ஒப்புகைச் சீட்டுகள். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பையில் இல்லாத ஒரே காகிதம், விண்ணப்பத்தை நிராகரித்த ஆணை. அதை அவர் பார்த்ததே இல்லை.

இங்கே நிறுத்தி, ஆணையின் நகல் இல்லாமல் எதையும் தொடங்க முடியாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் "நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும்தான் இருக்கும். விண்ணப்ப எண்ணை வைத்து இணையத்தில் ஆணையை எடுக்க முடிந்தால் எடுங்கள், கூடவே சான்றிட்ட நகல் கேட்டுத் தாலுகா ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் கையில் கிடைத்த அன்றே அதன் பின்பக்கம் தேதி எழுதிவிட வேண்டும். தபாலில் வந்தால் உறையைத் தூக்கிப் போடக் கூடாது. அப்பீலுக்கான கெடுவை எண்ணும்போது அந்த உறைமேல் இருக்கும் தபால் முத்திரைதான் சாட்சி.

கெடு எத்தனை நாள்? பெரும்பாலும் ஆணையின் கடைசிப் பத்தியில் யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருக்கும். அப்படி ஒன்றும் எழுதவில்லை என்றால், 30 நாள் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். வேறு சட்டங்களில் கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். சீக்கிரம் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கெடு நின்று காத்திருக்காது. சட்டத்தில் இடமில்லாத மனுக்களைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் காலக்கெடு நீளாது என்று எஸ்.எஸ். ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லியிருக்கிறது. அது ஒரு அரசு ஊழியரின் வழக்கு, ஆனாலும் நம் அம்மாவின் மஞ்சள் பைக்கும் பொருந்தும். வழக்கின் பெயர் உங்களுக்குத்தான். கூட்டத்தில் பையை மட்டும் சொன்னால் போதும்.

சரி, ஆணை கையில் வந்தது. அதில் காரணமாக இருந்தது ஒரே வரி: "பத்திரத்தில் கண்ட பரப்பும் அ-பதிவேட்டில் கண்ட பரப்பும் வேறுபடுவதால் நிராகரிக்கப்படுகிறது." சர்வே எண்வாரியாக நிலத்தின் பரப்பைக் காட்டும் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். 0.16.0 ஹெக்டேர், அதாவது 16 ஏர். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். பெருக்கினால் 39.5 சென்ட். பத்திரத்தில் 42. இரண்டரை சென்ட் வித்தியாசம். பழைய பத்திரங்களைப் பார்த்துப் பார்த்தே எழுதுகிற ஊரில் இது அன்றாடம் நடப்பது.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு பிரிவினை செய்து காட்ட வேண்டும். நிராகரிப்புகள் இரண்டு வகை. வில்லங்கச் சான்று இணைக்கவில்லை, ஸ்கேன் செய்த பக்கம் தெரியவில்லை, வாரிசுச் சான்று இல்லை என்பதெல்லாம் ஒரு வகை. அதற்கு அப்பீல் போவது கொசுவுக்குப் பீரங்கி. விட்டுப்போன காகிதத்தைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பித்தால் சீக்கிரம் முடியும். இன்னொரு வகையில் அதிகாரி காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பார்: பரப்பு ஒத்துவரவில்லை, அனுபவம் உங்களிடம் இல்லை, இது புறம்போக்கு. இதில் அதே காகிதங்களோடு மறுபடி விண்ணப்பித்தால் அதே பதில்தான் வரும். இங்கேதான் அப்பீல் வேண்டும். அந்த ஒரு வரிக் காரணத்தைப் படித்து, எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

காரணத்தைப் பற்றி இன்னொன்று. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4 சொல்கிறது. ஆணையில் எழுதிய காரணத்தை வைத்துத்தான் ஆணை நிற்கவோ விழவோ வேண்டும், பிறகு வந்து புதுக் காரணம் சேர்க்கக் கூடாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வக்கீல்கள் தினமும் எடுத்துக்காட்டுவது. கிராமத்து மொழியில் இதன் பொருள்: அவர் எழுதியதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அண்ணன் தம்பி சண்டை, பஞ்சாயத்துத் தலைவர் பகை, விஏஓ காசு கேட்டது, எல்லாவற்றையும் கொண்டுவந்து அப்பீலில் கொட்டினால் உண்மையான விஷயம் அடியில் போய்விடும். காசு கேட்டது பெரிய குற்றம்தான். அதற்கு லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. அதைத் தனியாக எடுத்துப் போகட்டும்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் எழுதிய அப்பீல் ஒன்றரைப் பக்கம். ஆணை எண், தேதி, அது கைக்கு வந்த தேதி மேலே. அப்புறம் மூன்று விஷயம். ஒன்று, முடிவெடுக்கும் முன் எனக்கு அறிவிப்பு வரவில்லை, என்னை விசாரிக்கவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் வாயாலோ எழுத்தாலோ தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே ஆணை போட வேண்டும் என்று பட்டா பாஸ் புத்தகச் சட்டமே சொல்கிறது. இரண்டு, நிலத்தின் நான்கு எல்லையும் சர்வே எண்ணும் ஒத்துப்போகின்றன, பரப்பில் மட்டுமே வித்தியாசம். நிலத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. மூன்றாவதுதான் காரியத்தை நகர்த்தியது: பதிவேட்டில் உள்ள 39.5 சென்ட்டுக்கு மட்டும் பட்டா கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். அந்த அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "காசு கொடுத்தது 42க்கு சார்" என்றார். பட்டா வாங்கிய பிறகு மீதி இரண்டரை சென்ட்டுக்கு விற்றவரோடு பேசலாம், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் இழக்க வேண்டாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தோம்.

கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். "நீதி வழங்க வேண்டுகிறேன்" என்று முடித்தால் எழுதுகிறவருக்கு ஒன்றும் எழுத வராது. "மார்ச் 14ஆம் தேதி ஆணையை ரத்து செய்து, எனக்கு அறிவிப்புக் கொடுத்து, நிலத்தை அளந்து, புதிதாக ஆணை பிறப்பிக்க உத்தரவிட வேண்டுகிறேன்" என்று எழுதினோம். ஆர்டிஓவின் ஆணையில் ஏறக்குறைய இதே வரிதான் வந்தது.

தாமதத்துக்குத் தனியாக ஒரு பக்கம். ஆணை மார்ச்சில், நகல் கையில் கிடைத்தது டிசம்பர் 3, அப்பீல் போட்டது டிசம்பர் 20. இடைப்பட்ட மாதங்களுக்குக் காரணம் எழுதி, அந்த மஞ்சள் பையில் இருந்த ஒப்புகைச் சீட்டுகளை நகல் எடுத்து இணைத்து, தாமதத்தை மன்னிக்கக் கேட்டோம். அவ்வளவு நாள் வீணான மனுக்கள் அந்த ஒரு காரியத்துக்கு உதவின, அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று காட்ட. ஏற்றுக்கொண்டார்கள். ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மறுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதே டிசம்பர் 20ஆம் தேதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு. இதில் நிறையப் பேர் செய்யும் தவறு, "ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேட்பது. கோப்பில் இருக்கும் காகிதத்தைக் கேட்டால் தர வேண்டும். விளக்கம் கேட்டால் தட்டிக்கழிக்க வழியிருக்கிறது. நாங்கள் கேட்டது இரண்டே: என் விண்ணப்பத்தின்மேல் விஏஓ கொடுத்த அறிக்கையின் நகல், எனக்கு அனுப்பிய விசாரணை அறிவிப்பின் நகல். 26ஆம் நாள் பதில் வந்தது. விஏஓ அறிக்கையில் "கிரையம் பெற்றவர் அனுபவத்தில் உள்ளது, 0.16.0 ஹெக்டேருக்குப் பட்டா மாறுதல் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தது. விசாரணை அறிவிப்பு பற்றிய பதில்: "கோப்பில் இல்லை." இந்த இரண்டு காகிதமும் நான் ஒரு மணி நேரம் வாதாடுவதைவிடப் பலம்.

இந்தத் தகவல் வரட்டும், அப்புறம் அப்பீல் போடலாம் என்று மட்டும் யாரும் காத்திருக்கக் கூடாது. தகவல் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் அப்பீல் கெடு முடிந்துவிடும். அப்பீலை முதலில் போட்டுவிட்டு, "தகவல் வந்ததும் கூடுதல் ஆவணம் தாக்கல் செய்வேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 30 நாளில் பதிலே வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுத வேண்டும். முகாமில் இதற்குமேல் இதற்குள் போகாதீர்கள். தகவல் உரிமை தனிக் கூட்டத்துக்கான விஷயம்.

விசாரணை நாளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள், பயம் அங்கேதான். கோர்ட் மாதிரி கூண்டு இருக்காது. ஆர்டிஓ ஆபீஸில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள், போய் நின்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று தடவை தேதி தள்ளிப்போகும். அவருக்கு வேறு வேலை வந்துவிடும். அந்த அம்மாவுக்கு பிப்ரவரியில் இரண்டு முறை தள்ளியது. தேதியன்று போய், வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். போகாமல் விட்டால் "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று முடித்துவிடுவார்கள். மூலப் பத்திரத்தைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. வாக்குமூலம் எழுதி வாங்கினால் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்தோ கைநாட்டோ. வெற்றுத் தாளில் கண்டிப்பாகக் கூடாது.

ஏப்ரலில் ஆணை வந்தது. பழைய ஆணை ரத்து, 60 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்து அளந்து புதிய ஆணை. பட்டா கொடு என்று வரவில்லை. மறுபடி ஒழுங்காக விசாரி என்றுதான் வந்தது. அப்பீலில் ஜெயித்தேன் என்று சொல்பவர்களில் பலருக்குக் கிடைப்பது இதுதான், இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஜனங்கள் ஏமாந்ததாக நினைப்பார்கள். 60 நாள் 90 ஆனது. ஜூலையில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார், 39.5 சென்ட்தான் இருந்தது. ஆகஸ்டில் பட்டா வந்தது.

ஆர்டிஓவும் மறுத்திருந்தால்? அதே சட்டத்தில் பிரிவு 13 இருக்கிறது, மாவட்ட வருவாய் அலுவலரான டிஆர்ஓவிடம் சீராய்வு. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நிலம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையை வருவாய்த் துறை தீர்க்க முடியாது. பங்காளி ஒருவர் வந்து "அது எங்கள் பூர்வீகம்" என்று எழுத்தில் ஆட்சேபித்தால், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதில் தவறும் இல்லை. அங்கே ஆர்டிஓ, டிஆர்ஓ என்று ஏறிக்கொண்டிருந்தால் வருடங்கள் போகும். "ஹைகோர்ட்டில் ஒரு ரிட் போட்டால் முடிந்துவிடும்" என்று ஊரில் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பீலுக்கு வழி இருக்கும்போது அதைச் செய்துவிட்டு வா என்றுதான் ஹைகோர்ட் பெரும்பாலும் அனுப்பும். இல்லையென்றால் "மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலிக்கவும்" என்று ஒரு ஆணை வரும். பரிசீலித்து மறுபடியும் மறுக்கலாம், அப்போதும் ஆணை நிறைவேறியதாகவே கணக்கு. அதற்கு ஆன செலவு மட்டும் மிச்சம்.

இரண்டு கேள்வி கட்டாயம் வரும். வக்கீல் வைக்க வேண்டுமா என்பது முதலாவது. பட்டா அப்பீலை அவரே எழுதி அவரே சொல்லலாம். உதவி வேண்டுமென்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் உங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு வரச் சொல்லுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற இலவச எண்ணையும் கரும்பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

இரண்டாவது கேள்வியை யாரும் மைக்கில் கேட்க மாட்டார்கள், கூட்டம் முடிந்து ஓரமாக வந்து கேட்பார்கள்: "தாசில்தாரை எதிர்த்து அப்பீல் போட்டால் நாளைக்கு ஒரு வருமானச் சான்றுக்குக்கூட அலைய விடமாட்டாரா?" பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அது பொய்யாகவும் இருக்கலாம். நான் சொல்வது இது: ஆபீஸில் தினமும் எத்தனையோ ஆணைகள் அப்பீலில் ரத்தாகித் திரும்பி வரும், அவர்களுக்கு அது ஒரு கோப்பு. கோபம் வருவது அப்பீலால் அல்ல, அதில் எழுதும் வசவால். ஆளைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் ஆணையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை.

அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் பேசினால் போதும். முகாமுக்கு முந்தைய வாரமே, வீட்டில் இருக்கும் நிராகரிப்புக் காகிதத்தை எடுத்து வரச் சொல்லித் தலையாரி மூலம் சொல்லி விடுங்கள். மீதிப் பத்து நிமிடம் மேடையிலிருந்து இறங்கி, ஒரு பென்சிலோடு அவர்கள் நடுவில் உட்காருங்கள். ஒவ்வொரு காகிதத்திலும் காரணம் இருக்கும் வரியின் கீழ் கோடு, பின்பக்கம் ஆணை கைக்கு வந்த தேதியும் கெடு முடியும் தேதியும். குறுஞ்செய்தி மட்டும் வைத்திருப்பவர்களிடம் அது யார் போனுக்கு வந்தது என்று கேட்க மறக்காதீர்கள்.